கத்தினால் கேட்காது

மதுரையில் ஒரு விடுதி. வரவேற்பு மேஜையில் இருக்கும் பையன், "அறை 207, காலைச் சாப்பாடு ஏழரைக்கு" என்கிறான். பெரியவர் தலையாட்டுகிறார். பையன் கணினியைப் பார்த்தபடியே சொன்னதால், அவர் காதில் விழுந்தது பாதிதான்.

வயதானால் முதலில் மங்குவது ச, த, ப போன்ற மெய்யொலிகள். கத்தினால் உயிரொலிகள்தான் பெருக்கும். சொல் இன்னும் குழம்பும், பெரியவருக்கும் சங்கடம். முகம் பார்த்து, வாயை மறைக்காமல், சற்று நிதானமாகப் பேசினால் போதும். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். புரியாவிட்டால் அதையே திரும்பச் சொல்லாமல், வேறு சொற்களில் சொல்லுங்கள்.

"புரிஞ்சுதாய்யா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "ம்" என்றுதான் சொல்வார்கள். "சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வர்றீங்கய்யா?" என்று கேளுங்கள், தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

எண்ணும் நேரமும் கட்டாயம் எழுத்தில் வேண்டும். வெள்ளை அட்டையில், கறுப்பு மையில், 18 புள்ளி அளவுக்குக் குறையாத தடித்த எழுத்தில் அறை எண், சாப்பாட்டு நேரம், வரவேற்பின் தொலைபேசி எண் மூன்றும் போதும். பளபளப்புத் தாள் வேண்டாம், விளக்கொளியில் கண் கூசும்.

தீ எச்சரிக்கை மணி கேட்காதவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதை இரவுப் பணியாளரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.