ஆறு மாத அவகாசம் கேட்கும் ஒரு பக்கக் கடிதம்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் காலநீட்டிப்பு கேட்டு பிஎச்.டி. ஆய்வாளர் எழுதும் கடிதம் கைடின் மேசையோடு நின்றுவிடுவதில்லை. ‘பரிந்துரைக்கிறேன்’ என்று அவர் கையெழுத்திட்டதும் அது துறைத்தலைவரிடமும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கும் போகிறது. அங்கே இருப்பவர்களுக்கு ஆய்வாளரின் முகம் தெரியாது. கைடு கூடுதலாக ஒரு வரிகூட விளக்க வேண்டியிராத கடிதம்தான் அங்கே எடுபடும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் 6 ஆண்டுகளுக்குள் பிஎச்.டி.யை முடிக்க வேண்டும். அதன் பிறகு மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்புக்காகப் பெண் ஆய்வாளர்கள் எடுக்கும் விடுப்பு 240 நாள் வரை இருக்கலாம். ஆக, அவகாசம் கேட்பது கருணை மனு அல்ல. விதியில் இருக்கும் வசதியைக் காரணம் காட்டிக் கேட்பதுதான்.

அந்தக் காரணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்களால்’ என்ற வரியை எந்தக் குழுவாலும் எடைபோட முடியாது. ‘கருவி பழுதானது’ என்பதும் பாதிக் காரணமே. பழுது எத்தனை மாதத்தைத் தின்றது, ஏன் அத்தனை மாதம் என்பதைச் சொன்னால்தான் அது முழுமை பெறும்.

ஒரு கற்பனை ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினம் கடலோரக் கிணறுகளில் கன உலோகங்களின் அளவு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பது அவர் ஆய்வு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு முறை நீர் எடுக்க வேண்டும். ஜனவரி மாதிரிகளை எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து வைத்துவிட்டார். பிப்ரவரியில் ஆய்வகத்தின் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி நின்றுபோனது, செப்டம்பரில்தான் சரியானது. அமிலம் சேர்த்த நீரை உலோக அளவீட்டுக்குப் பொதுவாக 6 மாதம் வரை வைத்திருக்கலாம். எட்டாவது மாதத்தில் அளந்தால் தேர்வாளர் கேள்வி கேட்பார். மறுபடி எடுக்கலாம் என்றால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். பழுது என்னவோ ஏழு மாதம்தான், இழப்பு ஓராண்டு. அவருடைய 6 ஆண்டுகள் முடிவதோ வரும் மார்ச் 31.

இவர் கடிதத்தை மார்ச்சில் எழுதினால் தாமதம். ஆய்வு ஆலோசனைக் குழு பருவத்துக்கு ஒரு முறை முன்னேற்றத்தைப் பார்க்கிறது. கருவி சரியானதுமே, அக்டோபரில் எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்திலேயே பேசிவிடலாம். கடிதத்தின் முதல் பத்தியிலேயே கோரிக்கை வந்துவிட வேண்டும்:

‘மதிப்பிற்குரிய ஐயா, மார்ச் 31-இல் முடியும் என் ஆய்வுக் காலத்தை செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன். ஆறு இயல்களில் நான்கு எழுதி முடித்துத் தங்களிடம் தந்துள்ளேன். ஐந்தாம் இயலுக்கான மழைக்குப் பிந்தைய மாதிரிகள், கருவிப் பழுதால் உரிய காலத்துக்குள் அளக்கப்படவில்லை. ஆய்வகப் பொறுப்பாளரின் சான்று இணைக்கப்பட்டுள்ளது.’

நடுவில் வந்த மூன்று வாரக் காய்ச்சலை இங்கே சேர்க்க வேண்டியதில்லை. சின்னக் காரணங்களை அடுக்கினால் பெரிய காரணத்தின் மேலும் சந்தேகம் விழும்.

அடுத்தது புதிய கால அட்டவணை. ‘எழுதுதல்: 6 மாதம்’ என்றிருந்தால், அனுபவமுள்ள கைடு அங்கேயே புருவத்தை உயர்த்துவார். ஒவ்வொரு மாத முடிவிலும் கையில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டும். இவருடையது இப்படிப் போகலாம்: ஜனவரியில் மாதிரி சேகரிப்பு, பிப்ரவரி இறுதிக்குள் அளவீடு, ஏப்ரல் 30-இல் ஐந்தாம் இயல் கைடின் கையில். மே மாதம் முழுக்க அவர் படிப்பதற்கு. ஜூனில் திருத்தமும் முடிவுரையும். ஜூலையில் குழுவின் முன் சமர்ப்பிப்புக்கு முந்தைய உரையும் சினாப்சிஸும். ஆகஸ்டில் கருத்துத் திருட்டுச் சோதனை, அச்சு, பைண்டிங். செப்டம்பர் கையிருப்பு.

கைடு படிக்கும் மாதத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பதுதான் இத்தகைய அட்டவணைகளில் அடிக்கடி விழும் ஓட்டை. கையிருப்பு மாதத்தை வெட்டி, பணிவு காட்டுவதாக நினைத்துக் குறைவாகக் கேட்பவர்களும் உண்டு. மூன்று மாதம் கேட்டு வாங்கி, மறுபடி மூன்று மாதம் கேட்கப் போனால் இரண்டாம் கடிதத்தை யார் நம்புவார்? கருவி மறுபடி நின்றால் கட்டணம் கட்டி எந்த ஆய்வகத்தில் அளப்பது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.

பணக் கணக்கு தனி. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மொத்தம் 5 ஆண்டுகளோடு நின்றுவிடும். ஆய்வுக் காலம் நீண்டாலும் அது நீளாது. மறுபதிவுக்குக் கட்டணம் இருந்தால் அதுவும் ஆய்வாளர் பையிலிருந்துதான். செப்டம்பர் வரை கேட்பதா, ஜூன் வரை போதுமா என்று முடிவு செய்யும் முன் இதையும் கைடுடன் உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள் விவரமறிந்தவர்கள்.