வர்க்க எண்ணா? கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்

11, 111, 1111 என்று ஒன்றுகளையே அடுக்கிக்கொண்டு போனால், எங்காவது ஒரு வர்க்க எண் கிடைக்குமா? வர்க்கமூலம் போடாமலேயே பதில் சொல்லலாம்.

முதல் சோதனை, கடைசி இலக்கம். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கினால் விடை 0, 1, 4, 5, 6, 9 ஆகியவற்றில்தான் முடியும். ஆகவே 2, 3, 7, 8-ல் முடியும் எண் வர்க்கமாகாது. நம் எண்கள் 1-ல் முடிவதால் இதில் தப்பிவிடுகின்றன.

அடுத்தது, நான்கால் வகுத்தால் வரும் மீதி. இரட்டை எண்ணின் வர்க்கம் நான்கால் மீதியின்றி வகுபடும். ஒற்றை எண்ணை 2k+1 என்று கொண்டால் அதன் வர்க்கம் 4k(k+1)+1, மீதி 1. எனவே மீதி 2 அல்லது 3 வந்தால் அது வர்க்கமில்லை. 100 நான்கால் வகுபடுவதால், எவ்வளவு பெரிய எண்ணானாலும் கடைசி இரண்டு இலக்கங்களை வகுத்தாலே போதும். இங்கே அது 11, மீதி 3. அந்த வரிசையில் ஒன்றுகூட வர்க்கமில்லை.

இரண்டு சோதனைகளும் சேர்ந்து நூற்றுக்கு எழுபது எண்களைக் கழித்துவிடும். ஆனால் தேறியதெல்லாம் வர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 141 இரண்டிலும் தேறுகிறது. ஆனால் 11-ன் வர்க்கம் 121, 12-ன் வர்க்கம் 144. இப்படித் தேறிய எண்களுக்கு மட்டும் வர்க்கமூலம் போட்டுப் பார்த்தால் போதும்.