கேரியர் சாப்பாட்டுக்கு இருநூறு ரூபாய் கூடும்போது

மாதச் சாப்பாடு கொடுக்கும் சின்ன சமையலறைகள் நம் ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. வீட்டின் பின்கட்டிலோ வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையிலோ அடுப்பு எரியும். பதினொன்றரை மணிக்கு அடுக்குக் கேரியர்கள் வண்டியில் ஏறும். சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் தனியாக இருக்கும் முதியவர்கள், மீதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள். இந்தத் தொழில் நடத்துகிறவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டால், விடிகாலை எழுவதையோ நூறு தேங்காய் துருவுவதையோ சொல்ல மாட்டார்கள். "பழைய ஆளுங்ககிட்ட விலை ஏத்தணும்னு சொல்றதுதான்" என்பார்கள்.

அந்தத் தயக்கத்தில் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். விலை அப்படியே இருக்கும், சாம்பார் மட்டும் மெல்ல நீர்க்கும். கூட்டில் பருப்பு குறையும், அப்பளம் இரண்டிலிருந்து ஒன்றாகும். பத்து வருடம் அதே கையால் சாப்பிட்டவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். சொல்ல மாட்டார். ஆனால் சொல்லாமல் குறைத்தார்கள் என்பது மனதில் தங்கிவிடும். சொல்லி ஏற்றிய இருநூறு ரூபாயை இரண்டு மாதத்தில் மறப்பவர்கள்கூட இதை மறப்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்பது வாடிக்கையாளர்கள் உள்ள ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் மதியச் சாப்பாடு, 2,600 ரூபாய். அதாவது ஒரு வேளைக்கு நூறு ரூபாய். இந்த விலை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு அரிசி, பருப்பு, காய்கறிக்கு 85,000 ரூபாய் ஆனது, இன்று 90,000 ஆகிறது. எண்ணெய் 12,000 இருந்தது 15,000 ஆகியிருக்கிறது. சமையலுக்கு உதவும் அம்மாவுக்கும் கேரியர் கொண்டுபோகும் தம்பிக்கும் சேர்த்து 24,000 கொடுத்த இடத்தில் இப்போது 30,000. வாடகையும் கரண்ட் பில்லும் சேர்ந்து 1,500 கூடியிருக்கிறது. கேஸும் பெட்ரோலும் ஏறி இறங்கி ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கின்றன. மொத்தத்தில் மாதம் 15,500 ரூபாய் கூடுதல் செலவு. அன்று எல்லாம் போக கையில் நின்றது 50,500, இன்று நிற்பது 35,000.

அந்த 15,500-ஐ எண்பதால் வகுத்தால் 194 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆக 200 ரூபாய் ஏற்றினால் போதும், விலை 2,800 ஆகும். நூற்றுக்கு எட்டுக்கும் குறைவான உயர்வு. ஒரு வேளைக்கு ஏழு ரூபாய் எழுபது காசு. பத்தும் பன்னிரண்டுமாக மனதில் தோன்றியதை ஏற்றாமல் இப்படிக் கீழிருந்து கணக்குப் போட்டு வந்தால், சொல்லும்போது குரல் தடுமாறாது. கேட்கிறவருக்கும் அது தெரியும்.

"ஏத்தினா ஆளுங்க போயிடுவாங்க" என்ற பயத்தையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் நின்றுவிட்டால் அவருக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் செலவும் நின்றுவிடும். அது தலைக்கு சுமார் 1,544 ரூபாய். பழைய விலையில் ஒவ்வொருவரிடமிருந்தும் சம்பளம், வாடகை முதலியவற்றுக்காக மிஞ்சியது 1,056 ரூபாய். புது விலையில் 1,256. பழைய வரவை ஈடுகட்ட இனி 68 பேர் இருந்தாலே போதும். எண்பதில் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் போனாலும் ஏற்றியதால் நஷ்டம் வராது, பதின்மூன்றாவது ஆள் போனால்தான் வரும். இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவர், முதல் ஆள் முகம் சுளித்ததுமே "சரி, உங்களுக்குப் பழைய விலையே" என்று பின்வாங்க மாட்டார்.

அடுத்தது காரணம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கைக்கு வரும் முதல் காரணம் எண்ணெய். எல்லார் வீட்டிலும் வாங்குகிற பொருள், விலை ஏறியது எல்லாருக்கும் தெரியும், சொல்வது சுலபம். 2024 செப்டம்பர் 14 அன்று சமையல் எண்ணெய் இறக்குமதிக்கான வரியை மத்திய அரசு ஏற்றியது, கடையில் விலை ஏறியது. அதையே காரணமாகப் போர்டு எழுதியவர்கள் உண்டு. 2025 மே மாத இறுதியில் கச்சா எண்ணெய்க்கான வரியை அரசு குறைத்தது. அப்போது வாடிக்கையாளர் கேட்கும் நியாயமான கேள்வி: "எண்ணெய்தானே காரணம்? இறங்கிடுச்சே, நீங்க எப்ப இறக்குவீங்க?" அதற்குப் பதில் இல்லை. கேஸும் அப்படியே. உணவகங்கள் வாங்கும் 19 கிலோ சிலிண்டரின் விலை பொதுவாக மாதத்தின் முதல் தேதியில் மாறும், ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அதைக் காரணமாகச் சொன்னால் மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

ஏறிய பிறகு இறங்காத செலவைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். நம் கணக்கில் அது சம்பளம். கூடிய 15,500-இல் 6,000 அதுதான், எல்லாவற்றிலும் பெரிய தொகையும் அதுதான். தினமும் மூன்றாவது மாடி ஏறி வரும் தம்பியின் சம்பளம் கூடியிருக்கிறது என்றால், அவர் முகத்தைப் பார்க்கிற யாரும் அதை மறுத்துப் பேச மாட்டார்கள். (அந்தச் சம்பளத்தை உண்மையிலேயே கூட்டியிருக்க வேண்டும். அவரிடம் ஒருவராவது விசாரிப்பார்.) கரண்ட் பில்லையும் ஒரு வரி சேர்க்கலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பருக்குப் பிறகு 2023, 2024, 2025 ஆகிய வருடங்களிலும் ஜூலையில் கட்டணம் கூடியது. இதில் 2023, 2025 உயர்வு வீட்டு இணைப்புகளைத் தொடவில்லை, வணிக இணைப்புகளுக்கு வந்தது. அதனால் வாடிக்கையாளருக்கு அது தெரிந்திருக்காது. இரண்டு காரணத்துக்கு மேல் அடுக்கினால் அது சாக்குப் போலக் கேட்கும்.

எப்போது சொல்வது? மாதம் பிறக்கும்போது பணம் வாங்கும் தொழிலில் முழுதாக ஒரு மாத அவகாசம் தேவை. பிப்ரவரி 1 அன்று பணம் வாங்கும்போது சொன்னால், புது விலை மார்ச் 1 அன்று வர வேண்டும். பென்ஷனில் வாழும் ஒருவர் ஒரு மாதப் பணத்தை வாங்கித் திட்டமிட அந்த இடைவெளி வேண்டும். வேறு இடம் பார்க்க நினைப்பவருக்கும் நாலு நாள் வேறு சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்க நேரம் வேண்டும். அந்த வழியைத் திறந்து வைப்பதுதான் மரியாதை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டண மாதம், தீபாவளி மாதம் எல்லார் கையும் இறுகும் மாதம். அந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டியவருக்கு, கட்டிய காலம் முடியும்வரை பழைய விலையேதான். அவரிடம் வித்தியாசம் கேட்கவே கூடாது.

சொல்வதிலும் ஒரு வரிசை உண்டு. மிகப் பழைய பத்துப் பேரிடம் நேரிலோ போனிலோ முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்கு அன்றே தனித்தனியாகச் செய்தி. வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. குழுவில் ஒருவர் "ரொம்ப அதிகம்" என்று எழுதினால், சரி என்று நினைத்திருந்த பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள், இன்னும் நாலு பேர் ஆமோதிப்பார்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப பிராட்காஸ்ட் வசதி இருக்கிறது. ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். முதியவர்கள் பலர் சேமித்திருக்க மாட்டார்கள். எனவே அவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு கேரியரோடு போகட்டும்.

சீட்டில் என்ன எழுதுவது? "தவிர்க்க முடியாத காரணங்களாலும் கடும் விலைவாசி உயர்வாலும்" என்று தொடங்கி, "தங்கள் மேலான ஆதரவைக் கோருகிறோம்" என்று முடித்து, தொகையைக் கடைசி வரியில் ஒளிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. படிப்பவர் முதலில் தேடுவது தொகையை. அதனால் இப்படி எழுதலாம்:

"வணக்கம். மார்ச் 1 முதல் மாதச் சாப்பாடு 2,600 ரூபாயிலிருந்து 2,800 ரூபாய் ஆகிறது. பிப்ரவரி முழுக்கப் பழைய விலைதான். முன்பணம் கட்டியவர்களுக்கு அது முடியும்வரை மாற்றம் இல்லை. சமையலிலும் கேரியரிலும் வேலை செய்பவர்களின் சம்பளத்தைக் கூட்டியிருக்கிறோம், கரண்ட் கட்டணமும் ஏறியிருக்கிறது. இரண்டு வருடமாக விலையை மாற்றவில்லை. சாப்பாட்டின் அளவும் வகையும் இப்போது இருப்பது போலவே இருக்கும். அடுத்த வருடம் பிப்ரவரி வரை இந்த விலைதான். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்கள்."

இதில் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். நியாயமான விலைக்கு மன்னிப்புக் கேட்டால், ஏதோ தப்பு நடப்பதாகக் கேட்கிறவருக்குத் தோன்றும். "அடுத்த பிப்ரவரி வரை" என்ற வாக்கு, காப்பாற்ற முடியும் என்றால் மட்டுமே எழுத வேண்டியது. மேலே போட்ட கணக்கில் இன்னொரு இரண்டாயிரம் ரூபாய்ச் செலவு கூடினால் தாங்குமா என்று பார்த்துவிட்டு எழுதலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கேரியரோடு பருப்புப் பொடி, ஊறுகாய் என்று பாக்கெட்டும் விற்பவர்கள் இருக்கிறார்கள். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்க எடையளவுச் சட்டம் அனுமதிக்காது. பழைய விலை அச்சிட்ட பாக்கெட் தீரும்வரை பழைய விலைதான், புது விலை அடுத்த முறை பேக் செய்வதிலிருந்து.

செய்தி போன அன்று மாலை போன் வரும். "பத்து வருஷமா சாப்பிடறேன்மா, எனக்குமா ஏத்தறே?" என்பார் ஒரு பெரியவர். "ஆமாங்கய்யா. பத்து வருஷம் ஆச்சு, அதான் உங்ககிட்ட முதல்ல சொன்னேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்களுக்கு மட்டும் பழைய விலை" என்று சொல்லிவிட்டால், அதே குடியிருப்பில் இருக்கும் இன்னொருவரிடம் லிஃப்டில் பேச்சு வரும், கொடுத்தவர்மேல் இருவருக்கும் நம்பிக்கை போகும். அவருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்றால் எல்லாருக்கும் பொருந்தும் ஒரு சிறிய கேரியரைத் தொடங்கலாம். சோறு பாதி, குழம்பு, ஒரு பொரியல், விலை 2,100. முதியவர்களில் பலர் முழுக் கேரியரில் பாதியை ராத்திரிக்கு எடுத்து வைக்கிறவர்கள்தான். சிலர் அதைத்தான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் நோட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சண்டை போட்டவர்கள் பெரும்பாலும் தொடர்வார்கள். எதுவும் சொல்லாமல், "இந்த வாரம் வேண்டாம், ஊருக்குப் போறேன்" என்று அடிக்கடி நிறுத்துகிறவர்கள்தான் போகப் போகிறவர்கள். போன வருடம் இதே மாதங்களில் அவர் எத்தனை நாள் நிறுத்தினார் என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவரை ஒரு தடவை கூப்பிட்டு, "சாப்பாட்டுல ஏதாவது குறையா, இல்ல ரேட்டா?" என்று நேராகக் கேட்டுவிடலாம். பாதிப் பேர் ரேட் என்று சொல்ல மாட்டார்கள். "ரசத்துல மிளகு தூக்கலா இருக்கும்மா" என்பார்கள்.