28.6 எப்படி 26.8 ஆனது?

தமிழக அரசு அலுவலகம் ஒன்றில் 28.6.1999 முற்பகல் இளநிலை உதவியாளராக ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பணிப்பதிவேட்டில், அலுவலகப் பேச்சில் எஸ்.ஆரில், முதல் பதிவை எழுதுபவர் பிரிவு எழுத்தர். அவர் கை தவறி 26.8.1999 என்று எழுதிவிடுகிறார். அலுவலகத் தலைவரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். வேலை செய்தவருக்குச் சம்பளம் மாதாமாதம் வருகிறது. பிழை அப்படியே உறங்குகிறது.

ஆனால் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். தமிழக அரசில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் வழங்கப்படுகிறது. ஓராண்டுப் பணி எந்தக் காலாண்டில் நிறைவடைகிறதோ, அந்தக் காலாண்டின் முதல் நாளே உயர்வு நாள். ஜூனில் சேர்ந்தவருக்கு 1.4.2000 அன்று கிடைக்கவேண்டிய உயர்வு, ஆகஸ்டில் சேர்ந்ததாகப் பதிவானதால் 1.7.2000-க்குத் தள்ளிப்போகும். அடுத்த ஆண்டும் அப்படியே. ஒவ்வொரு ஆண்டும் மூன்று மாத உயர்வுத் தொகை காணாமல் போகிறது. ஒரே நாள் வித்தியாசம்கூடப் பெரிதாகிவிடும் எல்லைக்கோடும் ஒன்று உண்டு: 1.4.2003. அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தில் இருந்தார்கள். அன்றும் அதற்குப் பிறகும் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனார்கள். அந்தக் கோட்டைத் தாண்டும் திருத்தம் என்றால் கோப்பைப் பார்ப்பவர்கள் இரண்டு மடங்கு சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அது நியாயமும்கூட.

ஆகவே கடிதத்தின் பலம் சொற்களில் இல்லை, சான்றில் இருக்கிறது. நியமன ஆணை மட்டும் போதாது. வேலை கொடுத்ததை அது சொல்லும், சேர்ந்ததைச் சொல்லாது. சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்த பணியேற்பு அறிக்கையும், அன்றைய வருகைப் பதிவேடும் வேண்டும். என் கணக்கில் இவற்றைவிட வலுவானது முதல் சம்பளப் பட்டியல். நம் ஊழியருக்கு ஜூன் 28, 29, 30 ஆகிய மூன்று நாள்களுக்கான ஊதியம் அதில் இருக்கும். அது கருவூலம் தணிக்கை செய்து பணம் கொடுத்த ஆவணம். ஆகஸ்ட் 26-இல் சேர்ந்தவருக்கு ஜூன் மாதச் சம்பளம் எப்படி வரும்? கையில் நகல் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தன் பதிவேட்டின் நகலையும் சம்பளப் பட்டியல் நகலையும் கேட்டுப் பெறலாம்.

கடிதம் நேரே மேலிடத்துக்குப் போகக்கூடாது. அலுவலகத் தலைவர் வழியாகவே போகவேண்டும். உடல்பகுதி இவ்வளவு இருந்தால் போதும்:

"பொருள்: பணிப்பதிவேடு – பணியில் சேர்ந்த நாள் பிழையாகப் பதிவானது – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

நான் 28.6.1999 முற்பகல் இவ்வலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணியேற்றேன். எனது பணிப்பதிவேட்டில் அந்நாள் 26.8.1999 எனப் பதிவாகியுள்ளது. பணியேற்பு அறிக்கை, வருகைப் பதிவேடு, 1999 ஜூன் மாதச் சம்பளப் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அவற்றைச் சரிபார்த்து, சேர்ந்த நாளை 28.6.1999 மு.ப. எனத் திருத்தவும், அதற்கேற்ப ஊதிய உயர்வு நாளை மாற்றி ஊதியத்தை மறுநிர்ணயம் செய்யவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

'முற்பகல்' என்பதை விட்டுவிடாதீர்கள். பிற்பகலில் சேர்ந்தால் அன்றைய ஊதியக் கணக்கே வேறு. "எனக்குப் பணிமூப்பும் தரவேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கும் ஆசை பலருக்கு வரும். தேர்வாணையம் வழியாக வந்தவருக்குப் பணிமூப்பு பொதுவாகத் தேர்வுப் பட்டியல் வரிசைப்படியே அமைகிறது. அந்த வரி மற்றவர்களின் ஆட்சேபணையைக் கிளப்பி, எளிய எழுத்துப் பிழைத் திருத்தத்தைச் சிக்கலாக்கிவிடும். பிறந்த தேதித் திருத்தத்துக்கு உள்ள ஐந்தாண்டுக் கெடுவை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு, இது வேறு.

கெடு இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். தொடர்ந்து நடக்கும் இழப்பானாலும், தாமதமாக நீதிமன்றம் வருபவருக்கு நிலுவை பொதுவாக வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கு மட்டும்தான் என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் ஊழியர் ஓய்வு பெறும் தறுவாயில் விழித்துக்கொண்டால் தேதி திருந்தலாம், பழைய பணம் முழுதும் திரும்பாது.

ஆணை வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பழைய தேதியைச் சுரண்டவோ அதன் மேலேயே எழுதவோ கூடாது. படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியான தேதியை எழுதி, ஆணையின் எண்ணையும் நாளையும் குறித்து, அலுவலகத் தலைவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம்படியிலும் கணினிப் பதிவிலும் அதே திருத்தம் ஏறவேண்டும். ஒன்றில் விடுபட்டாலும் ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும்போது இரண்டு தேதிகள் மோதி, கோப்பு திரும்பி வரலாம். அதனால் திருத்திய பக்கத்தை நேரில் பார்த்து, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.