நினைவூட்டலில் குத்தல் எதற்கு?

வாடிக்கையாளரிடமிருந்து பதில் வரவில்லை. மறுபடி எழுதும்போது பலர் கை பழக்கத்தில் தட்டும் வரி, 'ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்'. முந்தைய மெயிலில் சொன்னபடி என்றுதான் எழுதுகிறோம். படிப்பவருக்கோ, 'ஏற்கெனவே சொன்னேனே, படிக்கவில்லையா?' என்று கேட்டதுபோல் இருக்கும்.

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். கையேட்டின் இறுதி வடிவம் திங்களன்று போயிற்று. புதன்வரை ஒப்புதல் வரவில்லை. 'திங்கட்கிழமை மெயிலிலேயே தெளிவாகக் குறிப்பிட்டபடி, உங்கள் ஒப்புதலுக்காக இன்னும் காத்திருக்கிறோம்' என்று எழுதினால், 'மெயிலிலேயே', 'தெளிவாக', 'இன்னும்' மூன்றுமே குற்றம்சாட்டுகின்றன. அவற்றை எடுத்துவிட்டு இப்படி எழுதலாம்:

'கையேட்டின் பிடிஎஃப்பை மறுபடி இணைத்திருக்கிறேன். 4ஆம் பக்க விலைப்பட்டியலைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். வியாழன் மாலை 5 மணிக்குள் ஒப்புதல் கிடைத்தால் வெள்ளியன்று அச்சுக்குப் போகும்; தாமதமானால் டெலிவரி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.'

பழைய மெயிலைத் தேடும் வேலை அவருக்கு மிச்சம். கெடுவோடு அதன் காரணமும் இருப்பதால் அது மிரட்டலாகத் தெரியாது. முதல் வடிவத்தில் 'ப்ளீஸ்' சேர்த்தாலும் இந்தப் பலன் கிடைக்காது.

அவருடைய மேலாளரை சிசியில் சேர்ப்பது இன்னும் மோசம். எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது புகார்தான். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் போன் செய்துவிடுங்கள். பேசி முடிவானதை இரண்டு வரியில் மெயிலாக அனுப்பினால், பிற்பாடு தேவைப்படும் பதிவும் கையில் இருக்கும்.