லட்சத்தை மூன்றாய் உடைக்கும் கமா

ஒரு மளிகைக் கடையின் வரவுக் கணக்கு இது. நோட்பேடில் அடித்து, சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தது.

```
தேதி,பெயர்,தொகை,ஊர்
03-06-2024,செல்வி,850,கரூர்
04-06-2024,முருகன்,4,500,நாமக்கல்
05-06-2024,பாத்திமா,1,25,000,ஈரோடு
```

நம் கண்ணுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சிஎஸ்வியில் கமா என்றால் ஒரு கட்டம் முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்றுதான் பொருள். எக்செலில் திறந்தால் பாத்திமாவின் தொகை 1 ஆகிவிடும். 25 ஊர்க் கட்டத்தில் போய் உட்காரும். 000 வெறும் சைபராகி ஐந்தாவது கட்டத்துக்குப் போக, ஈரோடு ஆறாவதில் தனியே நிற்கும். முருகன் வரி ஒரு கட்டம் நகரும். செல்வியின் வரி மட்டும் தப்பிக்கும், ஏனென்றால் 850-இல் கமா இல்லை. இதுதான் பெரிய வம்பு: சிறு தொகைகளாக வரும் முதல் நாலைந்து வரிகளைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மூடிவிடுவோம். தொகைப் பத்தியைக் கூட்டினால் 1,30,350-க்குப் பதிலாக 855 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

தொகையை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால் போதும்:

```
05-06-2024,பாத்திமா,"1,25,000",ஈரோடு
```

மேற்கோளுக்குள் இருக்கும் கமா பத்தியைப் பிரிக்காது. 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்லும் முறையும் இதுதான். எக்செலிலிருந்து சிஎஸ்வியாகச் சேமித்தால் அதுவே மேற்கோள் போட்டுவிடும். கையால் அடிக்கும்போதும், கமாவை வைத்துச் சொற்களை ஒட்டும் அவசர நிரல்களிலும்தான் இது விட்டுப்போகிறது.

மேற்கோளைப் போட்டும் சிலருக்குச் சரியாவதில்லை. வேர்டில் அடித்தால் அது வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். அதை நிரல் சாதாரண எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். கமாவுக்கும் மேற்கோளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தாலும் பல நிரல்கள் அதை மேற்கோளாக மதிப்பதில்லை, மறுபடி பழைய கதைதான். சந்தேகம் வந்தால் நோட்பேடில் திறந்து, மேற்கோளுக்கு வெளியே உள்ள கமாக்களை எண்ணிப் பாருங்கள். தலைப்பு வரியில் மூன்று என்றால் ஒவ்வொரு வரியிலும் மூன்றுதான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. மேற்கோள் பத்தியைக் காக்கும், அவ்வளவுதான்; எண்ணை எண்ணாக்கும் வேலை அதனுடையது அல்ல. பைத்தானில் `float("1,25,000")` என்று கேட்டால் `ValueError` என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாண்டாஸில் படிப்பவர்கள் `thousands=","` என்று சேர்த்துவிட்டால் கமாவை அதுவே நீக்கிக்கொள்ளும். கோப்பை உருவாக்குவதே நீங்கள்தான் என்றால், என்னைக் கேட்டால் 125000 என்றே எழுதிவிடுங்கள். லட்சக் கமாவை எக்செலில் திறந்த பிறகு வடிவமைப்பில் போட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் அனுப்பும் கோப்பில்தான் நமக்கு அந்த வசதி கிடையாது.