ஔந்தின் போர் தண்ணீர்: ஆர்.ஓ.வா, கொதிக்க வைப்பதா?

பாத்திரத்தில் படியும் வெள்ளை

புனேயின் ஔந்தில் போர் தண்ணீர் வரும் வீடுகளில், குழாய் முனையில் உப்பு பூக்கும். கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். பலரும் அதைப் பார்த்துப் பயந்துதான் ஆர்.ஓ. வாங்குகிறார்கள். புனேயின் அடியில் இருப்பது தக்காணத்தின் எரிமலைப் பாறை. அதன் விரிசல்களில் ஊறும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. தண்ணீரைக் கடினமாக்குபவை இவைதான். உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் எந்த வரம்பும் வைக்கவில்லை. அந்த வெள்ளைப் படிவு ஹீட்டரைக் கெடுக்கும். நம்மை நோயாளி ஆக்காது.

பயப்பட வேண்டியது எது?

கண்ணுக்குத் தெரியாத இரண்டைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். ஒன்று கிருமி. 2025 ஜனவரியில் இதே புனேயின் சிங்ககட் சாலைப் பக்கம் கில்லன் பாரே நோய் பரவியபோது, கிணற்று நீர் மீது சந்தேகம் எழுந்தது. நோயாளிகள் சிலரிடம் காம்பிலோபாக்டர் என்ற குடல் கிருமி இருந்தது. மற்றொன்று நைட்ரேட். கழிவுநீரும் உரமும் நிலத்தடிக்கு இறங்கும் இடங்களில் இது சேரும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கும்.

டி.டி.எஸ். மீட்டர் இவை இரண்டையும் காட்டாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, மொத்த உப்பைக் கணக்கிட்டுச் சொல்லும், அவ்வளவுதான். விற்க வருபவர் அதைக் காட்டி மிரட்டினால் அசராதீர்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு வீட்டின் பரிசோதனை அறிக்கையில் லிட்டருக்கு டி.டி.எஸ். 700 மில்லிகிராம், கடினத்தன்மை 400, நைட்ரேட் 20, கூடவே கோலிஃபார்ம் கிருமியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயம் டி.டி.எஸ். 500-க்குள் இருப்பதை விரும்புகிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மைக்கு அந்த மேல் வரம்பு 600. ஆக, இங்கே ஆபத்து கிருமி மட்டுமே. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். கடினத்தன்மையில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேல்நீரைச் சுத்தமான துணியில் வடிகட்டிக் குடிக்கலாம்.

அதே அறிக்கையில் நைட்ரேட் 60 என்று இருந்தால் கதையே வேறு. அதற்கு வரம்பு 45, தளர்வு கிடையாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகும், நைட்ரேட் தங்கும். செறிவு கூடத்தான் செய்யும். அங்கே ஆர்.ஓ. தேவை.

ஆர்.ஓ. வைத்தவர்களுக்கு

சுவைக்காகச் சில கருவிகளில் சுத்திகரிக்காத நீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு இருக்கும். நைட்ரேட் உள்ள வீட்டில் அதை மூடச் சொல்லுங்கள். கலந்தால் நைட்ரேட்டும் திரும்பி வரும். கடின நீரில் மெம்பிரேன் சீக்கிரம் சுண்ணாம்பு பிடித்துப் போகும். டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் உதவுவது இங்கேதான்: உள்ளே 700 போய் வெளியே 70 வந்த இடத்தில் 200 வரத் தொடங்கினால், மெம்பிரேனை மாற்றும் நேரம். வீட்டுக் கருவிகள் பலவும் ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியேற்றுகின்றன. அதைத் தரை துடைக்கப் பிடித்து வையுங்கள்.

கருவிக்குப் பணம் கட்டும் முன், கடினத்தன்மை, நைட்ரேட், கோலிஃபார்ம் மூன்றையும் ஆய்வகத்தில் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள்.